ஒரு டிக்கெட்டில் மூன்று பேர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வாட்ஸ்அப் குழுவில் ஒருவரிடம் 2,500 ரூபாய்க்கு இசை நிகழ்ச்சி டிக்கெட் வாங்கினேன். வாசலில் ஸ்கேன் செய்ததும் 'ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது' என்று வந்தது. விற்றவர் என் எண்ணைத் தடுத்துவிட்டார். நிகழ்ச்சி நடத்தியவர்கள் மீது வழக்குப் போடலாமா?
– வாசகி, திருச்சி

உங்களை ஏமாற்றியவர் வாசலில் நின்றவர் அல்ல, விற்றவர். அவர் அனுப்பிய அதே படம் இன்னும் நாலைந்து பேருக்கும் போயிருக்கும். க்யூஆர் கோடு என்பது ஓர் எண், அவ்வளவுதான். எண்ணைப் படமெடுத்தாலும் எண் எண்ணாகவே இருக்கும். முதலில் வந்து காட்டியவர் பாட்டுக் கேட்டார். நீங்கள் வெளியே நின்றீர்கள். உள்ளே போனவர் உண்மையாகப் பணம் கொடுத்தவரா என்பது அந்தக் கருவிக்குத் தெரியாது.

உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். பணம் அனுப்பிய பரிவர்த்தனை எண், உரையாடல், விற்றவரின் செல்பேசி எண் மூன்றும் கையில் இருக்கட்டும். சீக்கிரம் சொன்னால் பணம் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்க வாய்ப்பு அதிகம். இனி யாரிடம் வாங்கினாலும் படமாக வாங்காதீர்கள். டிக்கெட் விற்ற நிறுவனத்தின் செயலியிலேயே உங்கள் பெயருக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். முறையாக நடக்கும் மாற்றத்தில் பழைய கோடு செத்துப் புதிய கோடு பிறக்கும். மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

டிக்கெட் கிடைத்த மகிழ்ச்சியில் அதை ஸ்டேட்டஸில் போட்டேன். ஆபத்தா?
– மாணவர், கோவை

ஆம். எடுங்கள்.

எங்கள் பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கம் மெல்லிசை நிகழ்ச்சி நடத்தியது. 600 இருக்கைகள், விற்றது 540 டிக்கெட். மூன்று வாசலிலும் தன்னார்வலர்கள் செல்பேசியில் ஸ்கேன் செய்து, பச்சை காட்டிய பிறகே விட்டதாகச் சொல்கிறார்கள். ஆனாலும் அரங்கம் நிரம்பி நாற்பது பேர் நின்றுகொண்டு பார்த்தார்கள். எப்படி?
– சங்கச் செயலாளர், மதுரை

பலமுறை புலம்பிய விஷயத்தைக் கேட்டுவிட்டீர்கள், பதில் நீளும்.

மூன்று செல்பேசிகளும் ஒன்றோடொன்று பேசினவா? பேசியிருக்காது. கூட்டம் சேர்ந்தால் செல்பேசி இணையம் திணறும். இணையம் கிடைக்காதபோது ஸ்கேன் செய்யும் செயலிகள் பல, முன்பே இறக்கி வைத்த பட்டியலைப் பார்த்துத் தாமாகவே முடிவு செய்யும். முதல் வாசலில் ஒரு டிக்கெட் நுழைந்த செய்தி அந்தச் செல்பேசிக்குள்ளேயே தங்கிவிடும். அதே ஸ்கிரீன்ஷாட்டோடு இரண்டாம் வாசலுக்குப் போனவருக்கும் பச்சை, மூன்றாம் வாசலிலும் பச்சை. உங்களிடம் கூடுதலாக நுழைந்தவர்கள் சுமார் நூறு பேர். ஐம்பது டிக்கெட்டுகள் மூன்று வாசலிலும் ஒவ்வொரு முறை நுழைந்தாலே அந்தக் கணக்கு வந்துவிடும்.

இதை இப்போதும் சோதிக்கலாம். மூன்று செல்பேசிகளின் ஸ்கேன் பதிவுகளையும் ஒரே தாளில் சேர்த்து, டிக்கெட் எண் வரிசையில் அடுக்குங்கள். ஒரே எண் வெவ்வேறு வாசலில் திரும்ப வந்தால் நான் சொன்னதுதான் காரணம். எந்த எண்ணும் திரும்பாமல், மொத்தப் பதிவுகளும் 540-ஐத் தாண்டாமல் இருந்தால், தன்னார்வலர்கள் படத்தைக் கண்ணால் பார்த்தே ஆளை விட்டிருக்கிறார்கள். நிகழ்ச்சி தொடங்கும் நேரத்தில் வரிசை நீளும்போது இது நடக்கும். தன்னார்வலர்களைத் திட்டாதீர்கள், அந்த நேரத்துக்கு ஆள் போடாதது உங்கள் குறை.

அடுத்த முறைக்கு மலிவான வழி, டிக்கெட்டிலேயே வாசலை எழுதிவிடுவது. 'கிழக்கு வாசல்' டிக்கெட் கிழக்கில் மட்டுமே பச்சை காட்ட வேண்டும். ஒரு வாசலுக்கு ஒரே செல்பேசி என்றால் இணையமே இல்லாவிட்டாலும் இரட்டை நுழைவு நடக்காது. ஒரே வாசலில் இரண்டு செல்பேசி தேவைப்பட்டால், ஒரு மடிக்கணினியில் பட்டியலை வைத்து, அரங்கத்துக்குள்ளேயே ஒரு வைஃபை ரவுட்டரால் இரண்டையும் அதனோடு இணையுங்கள். ரவுட்டருக்கு வெளி இணையம் தேவையில்லை. ஆனால் இப்படி வேலை செய்யும் செயலிதானா என்று முன்னதாகவே பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். உங்கள் டிக்கெட்டின் கோடை ஒரு செல்பேசியில் படித்தால் TKT0147 என்று வருகிறதா? அப்படியானால் ஸ்கிரீன்ஷாட்கூட வேண்டாம். 0148 என்று எழுதி எவரும் ஒரு கோடு தயாரித்துவிடலாம். ஊகிக்க முடியாத நீளமான எண்ணெழுத்துக் கோவைதான் உள்ளே இருக்க வேண்டும்.

இடைவேளையில் வெளியே போய்த் திரும்புகிறவர்களை டிக்கெட்டைக் காட்டி உள்ளே விடாதீர்கள். முதல் நுழைவிலேயே மணிக்கட்டில் பட்டை ஒட்டுங்கள், கழற்றினால் கிழிகிற வகையில். எங்கள் குடியிருப்பு விழாவுக்கு நான் வாங்கிய பட்டைகள் வியர்வையிலேயே உரிந்தன. பாதிப் பேர் அதைக் கழற்றித் தம்பிக்கு ஒட்டி அனுப்பினார்கள். அதே விழாவுக்கு வாங்கிய லேசர் கோடு படிப்பான் இன்னும் அலமாரியில் தூங்குகிறது. அந்த வகைக் கருவி கோடு கோடான பார்கோடை மட்டுமே படிக்கும், க்யூஆரைப் படிக்காது. செல்பேசித் திரையைப் பார்த்தாலும் திணறும். வாங்குவதானால் கேமரா வகையை வாங்குங்கள்.

கடைசியாக, சிவப்பு காட்டினால் வாசலிலேயே வாதாடாதீர்கள். வரிசைக்கு வெளியே ஒரு மேசை போட்டு, முன்பதிவு செய்த செல்பேசி எண்ணையும் பணம் கட்டிய விவரத்தையும் அங்கே சரிபாருங்கள். இரண்டாவதாக வந்தவர்தான் உண்மையில் வாங்கியவர் என்பதும் உண்டு.

வெளிநாட்டு அரங்கங்களில் கோடு மாறிக்கொண்டே இருக்கிறதாமே? அதை இங்கேயும் கட்டாயமாக்கினால் பிரச்சினை தீராதா?
– வாசகர், சென்னை

பெருமளவு தீரும், முழுக்க அல்ல. அமெரிக்காவின் டிக்கெட்மாஸ்டர் சேஃப்டிக்ஸ் என்ற பெயரில் இதைச் செய்கிறது. கோடு சில விநாடிகளுக்கு ஒருமுறை மாறும். செல்பேசிக்குள் இருக்கும் ஒரு ரகசிய எண்ணையும் அந்த நொடியின் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டுக் கோடு உருவாகிறது. வாசலிலும் அதே கணக்குப் போட்டுப் பார்க்கிறார்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புவதற்குள் அது காலாவதி. ஆனால் அந்த ரகசிய எண்ணையே வெளியே எடுத்து வேறிடத்தில் கோடு உருவாக்க முடியும் என்று 2024-இல் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் விளக்கிக் காட்டினார். கணக்கின் கடவுச்சொல்லையே கைமாற்றுகிறவர்களையும் இது தடுக்காது. மாறும் கோடு இருந்தாலும் 'பயன்படுத்தியாயிற்று' என்று குறிப்பது எல்லா வாசலுக்கும் எட்ட வேண்டும். இல்லாவிட்டால் மதுரைக் கதைதான்.

மாறும் கோடு உள்ள டிக்கெட் வைத்திருந்தேன். வாசலில் இணையம் இல்லை, கோடு வரவே இல்லை. முன்னெச்சரிக்கையாக எடுத்த ஸ்கிரீன்ஷாட்டை ஏற்க மறுத்துவிட்டார்கள். இது அநியாயமில்லையா?
– வாசகர், சேலம்

ஸ்கிரீன்ஷாட் செல்லாது என்று டிக்கெட்டிலேயே அச்சிட்டிருப்பார்கள், படித்தீர்களா? டிக்கெட்டை வீட்டிலேயே ஒருமுறை திறந்து, செல்பேசியின் வாலட்டில் சேர்த்துவிட வேண்டும். பிறகு பெரும்பாலும் இணையம் வேண்டியதில்லை. செல்பேசியின் நேரம் 'தானாக' என்ற அமைப்பில் இருக்கட்டும். கைக்கணக்கில் ஐந்து நிமிடம் முன்னால் வைத்திருந்தால் கோடு தவறாகும்.

ஆனால் உதவி மேசையே இல்லாமல் உங்களைத் திருப்பி அனுப்பியிருந்தால் அது சேவைக் குறைபாடு. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். சரியாகாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

நான் உள்ளே போனதும் என் டிக்கெட் படத்தை நண்பனுக்கு அனுப்பினால் அவனும் வரலாமா?
– பெயர் வேண்டாம்

திருச்சி வாசகியின் கடிதத்தைப் படியுங்கள்.