ஒன்பது பேர் படமும் ஒரே செட்டாகத் தெரிய

கேள்வி: பெங்களூரு ஜெயநகரில் சின்ன அலுவலகம், 9 பேர். வெப்சைட்டில் போட எல்லார் படமும் ஒரே மாதிரி வர வேண்டும். ஒரு கேமராவும் குடையோடு ஒரு ஃபிளாஷும் இருக்கின்றன. எப்படி எடுப்பது?

பதில்: தூரங்களை முதலில் பூட்டுங்கள். செட் கெடுவது பெரும்பாலும் அங்கேதான்.

வெள்ளைச் சுவரிலிருந்து 1.8 மீட்டர் முன்னால் ஸ்டூல். ஸ்டூலிலிருந்து 2 மீட்டரில் முக்காலியில் கேமரா. கிராப் சென்சார் என்றால் 50 மி.மீ. லென்ஸ், கேமராவை நெடுக்காகத் திருப்பி வைத்து. குடை முகத்திலிருந்து 1.2 மீட்டரில், பக்கவாட்டில் 45 டிகிரியில், கண்ணுக்குக் கொஞ்சம் மேலே. மறுபக்கம் ஒரு வெள்ளைத் தெர்மாகோல். ஸ்டூல் கால், முக்காலிக் கால், குடை ஸ்டாண்டு எல்லாவற்றையும் சுற்றித் தரையில் டேப் ஒட்டுங்கள்.

இந்த அமைப்பில் சுவருக்கு முகத்தைவிடச் சுமார் ஐந்தில் ஒரு பங்கு வெளிச்சம்தான் போகும். அதனால் வெள்ளைச் சுவர் படத்தில் சாம்பலாக வரும், நிழலும் விழாது. ஆனால் ஒருவர் குடைப் பக்கம் 20 செ.மீ. சாய்ந்தாலே முகத்தில் ஒளி ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிடும். எக்ஸ்போஷரை முகத்துக்குச் சரிசெய்தால் பின்னணி கறுக்கும். முதுகை நேராக வைக்கச் சொல்லி, ஒவ்வொருவருக்கும் குடைக்கும் மூக்குக்கும் இடையே ஒரு கயிற்றை நீட்டி அளந்துவிடுங்கள்.

உயரத்துக்குக் கேமராவை ஏற்றி இறக்க வேண்டாம்; ஆளை ஏற்றுங்கள். பிரிக்காத ஏ4 பேப்பர் கட்டு ஒன்று சுமார் 5 செ.மீ. குள்ளமானவருக்கு ஸ்டூலில் இரண்டு கட்டு வைத்தால் கண் லென்ஸ் மட்டத்துக்கு வந்துவிடும்.

மேனுவல் மோட், 1/125, f/5.6, ஐஎஸ்ஓ 200. ஒயிட் பேலன்ஸ் ஃபிளாஷில் நிற்கட்டும். எக்ஸ்போஷரை ஆட்டோவில் விட்டால் கறுப்புச் சட்டைக்காரர் வெளுத்தும் வெள்ளைச் சட்டைக்காரர் இருண்டும் வருவார்கள். டியூப் லைட்டை அணைத்து, ஜன்னலை மூடி, ஃபிளாஷ் இல்லாமல் ஒரு படம் எடுங்கள். முழுக்கக் கறுப்பாக வந்தால்தான் அறை வெளிச்சம் கலக்கவில்லை என்று அர்த்தம். பிறகு ஃபிளாஷ் பவரை முதல் ஆளுக்குச் சரிசெய்து அப்படியே விடுங்கள். அந்த முதல் ஆள் கண்ணாடி போட்டவராக இருக்கட்டும். கண்ணாடியில் குடை தெரிந்தால் குடையை மேலே ஏற்ற வேண்டியிருக்கும். ஐந்தாவது ஆளுக்கு வந்து ஏற்றினால் மூக்கு நிழல் மாறிவிடும்.

கிராப் செய்யும்போது உச்சந்தலையைக் கணக்கில் எடுக்காதீர்கள். கொண்டையும் சுருள்முடியும் வழுக்கையும் ஒரே கோட்டுக்குள் அடங்காது. அதை வைத்து வெட்டினால் முகங்கள் பெரிதும் சிறிதுமாகும். 1000 x 1000 பிக்சல் சதுரத்தில் மேலிருந்து 400-ல் கண், 640-ல் தாடை நுனி. இரண்டு கைடு கோடு போட்டு, ஒவ்வொரு படத்தையும் அவற்றில் பொருந்தும்வரை சுருக்கியோ பெரிதாக்கியோ நகர்த்துங்கள். நிறத் திருத்தத்தை ஒரே படத்தில் செய்து மற்ற எட்டுக்கும் அப்படியே ஒட்டுங்கள்.

தரை துடைத்தால் டேப் போய்விடும். சுவரிலிருந்து எல்லாத் தூரங்களையும், குடை உயரத்தையும், ஃபிளாஷ் பவரையும் எழுதி, அமைப்பை ஒரு போட்டோவும் எடுத்து வையுங்கள். பத்தாவது ஆள் ஆறு மாதம் கழித்துச் சேர்ந்தாலும் அதே ஸ்டூலில் உட்கார வைக்கலாம்.