கோடில் வந்தது 41 ஆர்டர்; வீடியோவால் வந்தது எத்தனை?

ஒரு யூடியூப் சானலுக்கு 60,000 ரூபாய் கொடுத்தேன். வீடியோ வந்த வாரத்தில் அவருடைய தள்ளுபடி கோடில் 41 ஆர்டர்தான். பணம் போச்சா? (சத்துமாவு விற்பவர்)

நீங்கள் அனுப்பிய எண்களை வைத்தே போட்டுப் பார்த்தேன். டிஸ்கிரிப்ஷன் லிங்க் வழியாக 18 ஆர்டர். அதில் 11 பேர் கோடும் போட்டிருக்கிறார்கள். ஆகவே 59 இல்லை, 48.

ஆனால் யூடியூபை டிவியில் பார்ப்பவர் லிங்கை எப்படி அழுத்துவார்? மறுநாள் போனை எடுத்து உங்கள் பெயரைக் கூகுளில் தட்டுவார். கோடு அதற்குள் மறந்திருக்கும். அவரைப் பிடிக்கத்தான் பெயர்த் தேடலைப் பார்க்கிறோம். கூகுள் தேடலிலிருந்து உங்கள் தளத்துக்கு வந்த கிளிக்கைக் காட்டும் சர்ச் கன்சோலில் உங்கள் பெயருக்கு வழக்கமாக வாரம் 210 கிளிக். அந்த வாரம் 508. கூடுதல் 298. பெயரைத் தேடி வருபவர்களில் 100-க்கு 8 பேர் வாங்குவது உங்கள் கடையின் வழக்கம் என்றால், சுமார் 24 ஆர்டர்.

இதை 48-உடன் அப்படியே கூட்டக்கூடாது. தேடி வந்தவர்களில் சிலர் கோடு போட்டு ஏற்கெனவே அந்த 48-இல் இருப்பார்கள். ஒருவருமே கோடு போடவில்லை என்றால்தான் 72 வரும். இன்னொரு பக்கம், 48-இலேயே சிலர் வீடியோ இல்லாவிட்டாலும் வாங்கியிருப்பார்கள். எனவே மொத்த ஆர்டரைப் பாருங்கள்: வழக்கமாக வாரம் 84, அந்த வாரம் 150. கூடுதல் 66. வேறு விளம்பரமோ பண்டிகையோ இல்லாத வாரம் என்கிறீர்கள், நான் 66-ஐ நம்புவேன்.

ஆர்டருக்குத் தள்ளுபடி போக 250 ரூபாய் நிற்கிறது என்றால் 16,500 வந்திருக்கிறது. இந்த வாரக் கணக்கில் நட்டம்தான். 60,000-ஐ எடுக்க 240 ஆர்டர் வேண்டும், அதாவது அந்த 66 பேரும் சராசரியாகக் கிட்டத்தட்ட நான்கு முறை வாங்க வேண்டும். சத்துமாவு தீர்ந்தால் திரும்ப வாங்கும் பொருள். மூன்று மாதம் கழித்து, கோடு போட்டவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று பாருங்கள். அதுவரை இரண்டாவது வீடியோவுக்கு ஒப்புக்கொள்ள வேண்டாம்.

எங்கிருந்து வந்தார் என்று காட்டும் யூடிஎம் லிங்க் ஒழுங்காகப் போட்டால் போதுமே, கோடு எதற்கு? லிங்க்தான் பொய் சொல்லாது.

பாதி சரி. லிங்க் பொய் சொல்லாது, ஆனால் நிறைய விட்டுவிடும். இன்ஸ்டாகிராமுக்குள்ளேயே திறக்கும் பிரௌசரில் பார்த்துவிட்டு, அப்புறம் குரோமில் போய் வாங்கினால் அது 'டைரக்ட்' என்று விழும். கேப்ஷனில் ஒட்டிய லிங்கை அழுத்தவே முடியாது. ஸ்டோரி ஸ்டிக்கரும் பயோவும்தான் வழி. ஒரே எழுத்துமுறையையும் கடைப்பிடியுங்கள். `Youtube`, `youtube` இரண்டையும் அனலிடிக்ஸ் வேறுவேறாக எண்ணும்.

```
?utm_source=youtube&utm_medium=influencer&utm_campaign=aadi&utm_content=creator01
```

எங்களுக்கு வெப்சைட்டே இல்லை, எல்லாம் வாட்ஸ்அப்தான். இதெல்லாம் எங்களுக்கு உதவாதா?

லிங்க் உதவும். `wa.me` லிங்கின் பின்னால் `?text=` என்று போட்டு, ஒவ்வொரு சானலுக்கும் வேறு முதல் வரி வையுங்கள். சிலர் அதை அழித்துவிட்டு "விலை என்ன?" என்று மட்டும் அனுப்புவார்கள். அவர்களிடம் எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்வதுதான் வழி.

பெயர்த் தேடலை எங்கே பார்ப்பது? கூகுள் டிரெண்ட்ஸில் எங்கள் பெயர் 100 தொட்டது. 100 மடங்கு கூடிவிட்டது என்றுதானே அர்த்தம்?

இல்லை. நீங்கள் தேர்ந்த காலத்துக்குள் உச்சம் எதுவோ அதற்கு 100 போடுவார்கள், அவ்வளவுதான். அது எத்தனை தேடல் என்று அதில் தெரியாது. எண்ணிக்கை வேண்டுமானால் சர்ச் கன்சோலில் தேடல் சொல்லுக்கு ரீஜெக்ஸ் வடிகட்டி போடுங்கள். மக்கள் பெயரைப் பலவிதமாகத் தட்டுவார்கள், தமிழிலும் தட்டுவார்கள்:

```
thina ?maa?vu|தின ?மாவு
```

முந்தைய நான்கு வாரங்களின் அதே கிழமைகளோடு ஒப்பிடுங்கள். ஞாயிறையும் செவ்வாயையும் சேர்த்து வைத்தால் ஏமாற்றும். உங்கள் பெயருக்கே நீங்கள் கூகுள் விளம்பரமும் ஓட்டினால் பல கிளிக்குகள் அங்கே போய்விடும், அதையும் சேர்த்தே எண்ணுங்கள்.

வீடியோ போட்ட பொண்ணுக்குக் கோடு கொடுத்து மூன்று மாதமாயிற்று. இப்போது திடீரென்று தினமும் அதில் ஆர்டர். அந்தப் பொண்ணு இன்னும் நமக்காகப் பேசுகிறாள் போல!

அவர் புதிதாக எதுவும் போட்டாரா என்று முதலில் பாருங்கள். போடவில்லையென்றால் கோடு கூப்பன் தளத்துக்குக் கசிந்திருக்கும். வீடியோவால் வரும் ஆர்டர் முதல் சில நாளில் ஏறி மெல்லச் சரியும். கசிந்த கோடு நாள்தோறும் ஒரே சீராக வரும், வாங்குகிறவர்களில் பழைய வாடிக்கையாளர் அதிகம் இருப்பார்கள். எனக்கும் ஒருமுறை இப்படி ஆகி, இரண்டு மாதம் கமிஷன் கொடுத்த பிறகுதான் தெரிந்தது. காலாவதித் தேதி போடுங்கள், புதிய வாடிக்கையாளருக்கு மட்டும் என்று பூட்டுங்கள்.

(சத்துமாவு விற்பவர் மறுபடியும்) அமேசானிலும் விற்கிறேன். அங்கே போய்த் தேடி வாங்கியவர்கள் அந்த 66-இல் இருக்கிறார்களா?

இல்லை, 66 உங்கள் தளத்தின் கணக்கு. அமேசானின் அந்த வார விற்பனையையும் முந்தைய நான்கு வாரத்தையும் எடுத்து அனுப்புங்கள். உயர்வு இருந்தால் நான் மேலே சொன்ன நட்டம் குறையும், எவ்வளவு என்று இப்போதே சொல்ல முடியாது.