குதிகால் மச்சம்: அடுத்த மாதம் வரை காத்திருக்க வேண்டாம்

"டாக்டர், எனக்கு 52 வயது. இடது குதிகாலில் ஒரு கறுப்பு மச்சம். முதலில் மிளகு அளவுதான் இருந்தது. மகன் சொன்னதால் மாதாமாதம் போனில் படம் எடுத்து வைத்தேன், அனுப்பியிருக்கிறேன். வலி, அரிப்பு எதுவும் இல்லை. கால் ஆணி என்றார்கள், பிளாஸ்திரி போட்டேன். கழுத்திலும் மரு நிறைய இருக்கிறது. உங்களிடம் அடுத்த மாதக் கடைசியில்தான் நேரம் கிடைத்தது. முன்பே பார்க்க முடியுமா? கத்தி பட்டால் பரவிவிடும் என்கிறார்களே?"

இந்த வியாழக்கிழமை காலையே வந்துவிடுங்கள், வரவேற்பில் சொல்லிவிட்டேன். கழுத்து மருக்களை மறந்துவிடலாம், வயதானால் வருபவை.

அவசரப்படுத்துவது உங்கள் படங்கள்தான். முதல் படத்தில் மச்சம் வட்டமாக, ஒரே பழுப்பாக இருக்கிறது. நான்காவதில் உள்பக்கமாக ஒரு நீட்சி கிளம்பியிருக்கிறது. ஸ்கேல் வைத்து எடுத்த கடைசிப் படத்தில் நீளம் 9 மி.மீ.; நடுவில் கறுப்பு, சுற்றிலும் வெளிறிய பழுப்பு, ஓரம் மை கசிந்தது போலத் தெளிவில்லாமல் முடிகிறது. செருப்பு உரசிக் கட்டிய ரத்தமாக இருந்தால் இத்தனை மாதத்தில் மறைந்திருக்கும். வலி இல்லை என்று நிம்மதிப்பட வேண்டாம். மெலனோமா எனும் தோல் புற்றுநோய் ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. நம்மைப் போன்ற நிறத்தவர்களுக்கு அது அரிது. ஆனால் வரும்போது உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி என்று வெயில் படாத இடங்களில்தான் அதிகம் வருகிறது. பாடகர் பாப் மார்லிக்குக் கால் பெருவிரல் நகத்தடியில் வந்தது. 1981இல், 36 வயதில் இறந்தார்.

உங்களுக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை. டெர்மாஸ்கோப் எனும் விளக்குள்ள பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் பாதி தெரிந்துவிடும். உள்ளங்கால் தோலில் கைரேகை மாதிரி மேடும் பள்ளமும் மாறி மாறி ஓடும். நிறம் பள்ளங்களில் ஓடினால் பெரும்பாலும் சாதாரண மச்சம். வியர்வைத் துளைகள் இருக்கும் மேடுகளில் ஓடினால் சந்தேகம். சந்தேகம் வந்தால் மரத்துப்போக ஊசி போட்டு, சுற்றிலும் 2 மி.மீ. நல்ல தோலோடு முழு மச்சத்தையும் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவோம். அது மெலனோமா என்றால், எத்தனை மி.மீ. ஆழம் இறங்கியிருக்கிறது என்பதுதான் அடுத்த சிகிச்சையைத் தீர்மானிக்கும். 1 மி.மீ.க்குள் என்றால், இன்னும் கொஞ்சம் அகலமாக வெட்டி எடுப்பதோடு பெரும்பாலும் முடிந்துவிடும். தள்ளிப்போட்டால் அந்த ஆழம் கூடலாம்.

கத்தி பட்டால் பரவும் என்பது எந்த வீடியோவில் வந்தாலும் பொய். ஆபத்து, பரிசோதனைக்கு அனுப்பாமல் லேசரிலோ சுண்ணாம்பிலோ பொசுக்குவதுதான். அப்புறம் அது என்னவாக இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆணி பிளாஸ்திரியை இன்றே எடுத்துவிடுங்கள். அதிலுள்ள அமிலம் தோலை வெளுக்கவைத்து உரித்து, நான் பார்க்க வேண்டிய ஓரத்தையே குழப்பும். ஆணி கறுப்பாகப் பரவாது, சொன்னவரிடமும் சொல்லுங்கள்.

வரும்போது அந்த போனையே கொண்டு வாருங்கள், வாட்ஸ்அப்பில் படம் மங்கிவிடுகிறது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டால் நீங்களாக நிறுத்த வேண்டாம், சீட்டை மட்டும் எடுத்து வாருங்கள்.