மும்பையில் ஆட்டோ, டாக்ஸி, ஆப்: எதில் எவ்வளவு?

கேள்வி: வேலைக்காக மும்பை போகிறேன். ரயில் குர்லா டெர்மினஸில் நிற்கும், அங்கிருந்து அந்தேரி போகவேண்டும். இந்தி அவ்வளவாக வராது. ஆட்டோ, மீட்டர் டாக்ஸி, ஆப் வண்டி என்று மூன்று இருக்கிறதே, ஏமாறாமல் எப்படிப் போவது?

பதில்: மும்பையில் மீட்டர் போட்டு ஓட்டுவதுதான் வழக்கம், அதனால் கணக்குப் போட்டுப் பார்க்க வழி இருக்கிறது. 2025 பிப்ரவரி முதல் ஆட்டோவுக்குக் கிலோமீட்டருக்கு 17.14 ரூபாய். முதல் ஒன்றரை கிலோமீட்டருக்குக் குறைந்தபட்சம் 26. கறுப்பு-மஞ்சள் டாக்ஸிக்கு 20.66, குறைந்தபட்சம் 31. இணையத்தில் 23, 28 என்று பார்த்தால் அது பழைய கட்டணம்.

உங்கள் பயணம் சுமார் 10 கிலோமீட்டர் என்று வையுங்கள். ஆட்டோவில் 171 ரூபாய், டாக்ஸியில் 207. நெரிசலில் நிற்கும் நேரத்துக்கும் மீட்டர் ஏறும், அதனால் மாலையில் இருபது முப்பது ரூபாய் கூடினால் சந்தேகப்பட வேண்டாம். நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை கால் பங்கு கூடுதல், அதாவது ஆட்டோவுக்கு 214. இதுவும் முறையானதுதான்.

ஏமாற்று பெரும்பாலும் வண்டியில் ஏறுவதற்கு முன்பே நடந்துவிடும். நான் முதல்முறை இறங்கியபோது, பிளாட்பாரத்திலேயே ஒருவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு "ஐந்நூறு" என்றார். கட்டணம் தெரியாததால் கொடுத்தேன். அப்படி உள்ளே வந்து கூப்பிடுபவரோடு போகாதீர்கள். வெளியே வந்து, "மீட்டர் ஸே சலேங்கே?" என்று மட்டும் கேளுங்கள். மொத்தமாக ஒரு தொகை சொன்னால் அடுத்த வண்டிக்குப் போங்கள். ஏறியதும் மீட்டரைப் புதிதாகப் போடச் சொல்லி, 26-இல் தொடங்குகிறதா என்று பாருங்கள்.

மீட்டர் வேகமாக ஓடுகிறதோ என்ற சந்தேகம் வந்தால், போன் மேப்பைத் திறந்து வையுங்கள். சாலை காலியாக இருந்தும் 5 கிலோமீட்டரில் 86-க்குப் பதிலாக 120 காட்டினால் ஏதோ தவறு.

ஆப் வண்டியில் கிராக்கியைப் பொறுத்து விலை மாறும். மழை நாளிலும் அலுவலகம் விடும் நேரத்திலும் சட்டென ஏறிவிடும். எனவே 171 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொண்டு திரையைப் பாருங்கள். 190 என்றால் தாராளமாகப் போகலாம், பேரம் பேசும் தொல்லை இல்லை. 300 என்றால் வெளியே நிற்கும் மீட்டர் ஆட்டோதான் லாபம். புக் செய்த டிரைவர் போனில் கூடுதலாகக் கேட்டாலோ, "நீங்களே கேன்சல் பண்ணுங்கள்" என்றாலோ செய்யாதீர்கள், ரத்துக் கட்டணம் உங்கள் தலையில் விழும்.

இன்னொன்று. உங்கள் ரயில் தாதரில் முடிந்தால் ஆட்டோவைத் தேடாதீர்கள். பாந்த்ரா, சயானுக்குத் தெற்கே ஆட்டோவுக்கு அனுமதி இல்லை, அங்கே டாக்ஸியும் ஆப்பும்தான்.

அப்புறம், எதில் ஏறினாலும் முதலில் வண்டி எண்ணைப் படம் எடுத்துவிடுங்கள். ஆர்டிஓவிலோ போக்குவரத்துப் போலீஸிடமோ புகார் கொடுக்க அந்த எண் வேண்டும்.