எண்ணிக்கை சரி, மெட்டில் இடிக்கிறது

"நண்பர் மெட்டு: தனனம் தனனம் தனதனனா. என் வரி: தெருவின் முனையில் தனிவிளக்கு. ஒற்று நீக்கி எழுத்தெண்ணிப் பார்த்தால் சரி, பாடினால் கடைசியில் இடிக்கிறது. ஏன்?"

கடைசி 'கு'தான் சிக்கல். மெட்டு அங்கே 'னா' என்று நீள்கிறது. 'விளக்கு' குற்றியலுகரத்தில் முடிகிற சொல். அந்த உகரத்துக்கு அரை மாத்திரைதான். இழுத்தால் 'விளக்கூ' ஆகிவிடும். போதாததற்கு, மெட்டில் குறிலாக ஓடும் 'ன' மேல் 'ள'வோடு 'க்' என்ற ஒற்றும் ஏறி நிற்கிறது.

கவிதையாக வாசிக்கும்போது இது தெரியாது. கண் எண்ணிக்கையைத்தான் பார்க்கும்.

இதைப் பாடிப் பாருங்கள்: "தெருவின் முனையில் ஒருநிலவா". 'வா' எவ்வளவு இழுத்தாலும் தாங்கும். விளக்கு போய்விட்டதே என்று வருந்த வேண்டாம், அதைச் சரணத்தில் சொல்லலாம். இது பல்லவி என்றால் ஒவ்வொரு சரணத்துக்குப் பிறகும் திரும்ப வரும். விளக்கமாகச் சொன்ன வரியைவிடக் கேள்வியாக நிற்கும் வரி மறுபடி கேட்கத் தோதானது.

போனில் பதிவு செய்து, வரியைப் படிக்காத ஒருவரிடம் கொடுத்து, காதில் விழுந்ததை எழுதச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் இடம்தான் திருத்த வேண்டிய இடம்.

ஆனால் கடைசி சுரம் வெட்டி நிற்கும் குத்துப்பாட்டு மெட்டானால் 'க்கு'வைத் தொடாதீர்கள். அங்கே அதுதான் தாளம்.