வட்டி குறைந்ததற்கு டிடிஎஸ் காரணமல்ல

"என் சேமிப்புக் கணக்கில் 3 லட்சம் ரூபாய் இருக்கிறது. வட்டி 2.5 சதவீதம். ஜூன் காலாண்டுக்கு 1,875 ரூபாய் வரும் என்று கணக்குப் போட்டிருந்தேன். 997 ரூபாய்தான் வரவு வைத்திருக்கிறார்கள். மீதியை டிடிஎஸ் பிடித்துவிட்டார்கள், கமிஷன் கொடுத்தால் ரீஃபண்ட் வாங்கித் தருகிறேன் என்கிறார் ஒரு ஏஜென்ட். கொடுக்கலாமா?"

கொடுக்காதீர்கள். உங்கள் வட்டியில் ஒரு பைசாகூட வரி பிடிக்கப்படவில்லை. பிடிக்காத வரியை யாரும் திரும்ப வாங்கித் தர முடியாது.

நீங்கள் அனுப்பிய பாஸ்புக் நகலைப் பாருங்கள். ஏப்ரல் 1 முதல் மே 19 வரை கணக்கில் இருந்தது 40,000 ரூபாய்தான். மே 20 அன்றுதான் இருப்பு 3 லட்சமாகிறது. வட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவானாலும், கணக்கிடுவது தினமும் வங்கி நாள் முடியும்போது உள்ள இருப்பை வைத்து. ஆகவே 40,000-க்கு 49 நாள், 3 லட்சத்துக்கு 42 நாள். இருப்பை நாட்களால் பெருக்கிக் கூட்டினால் 1,45,60,000 வரும். அதில் 2.5 சதவீதம் எடுத்து 365-ஆல் வகுத்தால் 997 ரூபாய் சொச்சம். இதைவிட நியாயமான முறை கிடையாது. 2010 மார்ச் வரை, மாதத்தின் 10-ம் தேதி முதல் கடைசி நாள் வரை இருந்த மிகக் குறைந்த இருப்புக்குத்தான் வட்டி. அந்த முறையில் மே மாதத்துக்கு உங்களுக்கு 40,000-க்கு மட்டுமே கிடைத்திருக்கும்.

இத்தனையையும் வங்கி ஒரே வரியில் 'வட்டி வரவு' என்று அச்சடித்து முடித்துக்கொள்கிறது. எத்தனை நாள், எந்த இருப்பு என்று இன்னும் இரண்டு வரி சேர்க்க என்ன தடை? அந்த இருட்டில்தான் ஏஜென்ட்கள் பிழைக்கிறார்கள்.

இந்தியாவில் வசிப்பவரின் சேமிப்புக் கணக்கு வட்டிக்கு டிடிஎஸ் கிடையாது. அது உங்கள் வருமானத்தில் சேரும். வரி வந்தால் நீங்களே கட்ட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஒரு இடத்தில் பலர் ஏமாறுகிறார்கள். 'ஆட்டோ ஸ்வீப்' வசதி இருந்தால், குறிப்பிட்ட தொகைக்கு மேலுள்ள பணம் தானாகவே வைப்புநிதியாக மாறிவிடும். பாஸ்புக் ஒன்றுதான், ஆனால் அந்தப் பணம் ஈட்டுவது வைப்புநிதி வட்டி. அதற்கு டிடிஎஸ் உண்டு. அந்த வங்கியில் உங்கள் வைப்புநிதி வட்டி மொத்தமும் ஆண்டுக்கு 50,000 ரூபாயை, மூத்த குடிமக்களுக்கு 1 லட்சத்தைத் தாண்டினால் 10 சதவீதம் பிடிப்பார்கள். பான் கொடுக்காவிட்டால் 20. கணக்கு தொடங்கும்போது நீட்டிய படிவத்தில் கையெழுத்துப் போட்டவர் பலருக்கு ஸ்வீப் இருப்பதே தெரியாது. உங்களுக்கு இருக்கிறதா என்று கிளையில் கேட்டுவிடுங்கள்.

உண்மையிலேயே வரி பிடித்திருந்தால், வருமான வரித்துறை இணையதளத்தில் உங்கள் பான் எண்ணுக்கு நேரே அந்தத் தொகை தெரியும். கணக்கு தாக்கல் செய்தால் கூடுதலாகப் பிடித்தது உங்கள் வங்கிக் கணக்குக்கே வந்துவிடும். அந்த இணையதளப் பாஸ்வேர்டை ஏஜென்டிடம் கொடுத்தால், இல்லாத கழிவுகளைக் காட்டி ரீஃபண்ட் கேட்பார். நோட்டீஸ் வருவது உங்கள் பெயருக்கு. ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றே மாற்றுங்கள்.