சீக்கிரம் செக்-இன், தாமதமாக செக்-அவுட்: எது இலவசம், எதற்குக் காசு?

கேள்வி: காலை 5 மணிக்கு ஓட்டலுக்குப் போய்ச் சேர்ந்தோம். செக்-இன் மதியம் 2 மணிக்காம். உடனே அறை வேண்டுமென்றால் நேற்றைய இரவுக்கும் முழு வாடகை கட்டச் சொன்னார்கள். கட்டினோம். இது பகல் கொள்ளை இல்லையா?

பதில்: அந்த அறை நேற்றிரவு என்ன நிலையில் இருந்தது என்பதைப் பொறுத்தது. காலை 5 மணிக்கு ஓர் அறை சுத்தமாகத் தயாராக இருக்கிறதென்றால், முந்தைய இரவு அதில் யாரும் தங்கவில்லை என்று பொருள். நீங்கள் முன்பே சொல்லி, உங்களுக்காக அதை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தால் ஓட்டல் ஓர் இரவு விற்பனையை விட்டுக்கொடுத்திருக்கிறது. முழு வாடகை நியாயம்தான்.

நீங்கள் சொல்லாமல் போய் நின்றபோது தற்செயலாகக் காலி அறை இருந்திருந்தால் கதை வேறு. அந்த இரவை இனி யாருக்கும் விற்க முடியாது. அதற்குப் பாதி வாடகை வாங்கினாலே ஓட்டலுக்கு வரவுதான். அடுத்த முறை கவுன்டரில் இப்படிக் கேளுங்கள்: “இந்த அறை நேற்று ராத்திரி காலியாகத்தானே இருந்தது? பாதி வாடகைக்குத் தர முடியுமா?” காலை 8 மணி தாண்டிவிட்டால் இன்னும் குறைத்தும் கேட்கலாம். 10 மணிக்கு மேல் தயாரான அறை கையில் இருந்தும் தனிக் கட்டணம் கேட்கும் இடத்தில், பெட்டியை மட்டும் கொடுத்துவிட்டு வெளியே போய் வாருங்கள். பெட்டி வைக்கக் காசு கேட்பது வழக்கமில்லை.

கேள்வி: விடிகாலை வருவோம் என்பதால் முந்தைய இரவுக்கும் சேர்த்தே மூன்று இரவுகள் புக் செய்து பணமும் கட்டினோம். போனால் “நீங்கள் வரவில்லை என்று புக்கிங் ரத்தாகிவிட்டது” என்கிறார்கள். அறையை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள்.

பதில்: தவறு முழுக்க அவர்களுடையது. பணம் கட்டிய இரவு விடியும்வரை உங்களுடையது. நானும் இப்படி ஓர் இரவு வாடகையைக் கட்டிவிட்டு வரவேற்பறை சோபாவில் விடியவைத்திருக்கிறேன், அதனால் உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது.

நடந்தது இதுதான். ஓட்டல்களில் ஒரு நாளின் கணக்கை நள்ளிரவுக்குப் பிறகு மூடுவார்கள். நைட் ஆடிட் என்பார்கள். அந்த நேரம்வரை வந்து சேராத புக்கிங்கை ‘நோ-ஷோ’ என்று குறிப்பார்கள். அப்படிக் குறித்தால் முதல் இரவோடு பின்னால் இருக்கும் இரவுகளும் சேர்ந்தே ரத்தாகிவிடலாம். நீங்கள் வந்து நிற்கும் 5 மணிக்கு உங்கள் பெயரே பட்டியலில் இருக்காது.

இப்போது கேட்க வேண்டியவை இரண்டு. முதல் இரவுக்கு உங்களிடம் பணம் வாங்கிக்கொண்டு அதே அறையை இன்னொருவருக்கும் விற்றிருந்தால், அந்தப் பணம் முழுவதும் திரும்ப வர வேண்டும். மீதி இரவுகளுக்கு அறை இல்லையென்றால் அதே தரத்தில் வேறு ஓட்டலில் இடம் பிடித்துக் கொடுத்து, வாடகை வித்தியாசத்தையும் போக்குவரத்துச் செலவையும் அவர்களே ஏற்பது இந்தத் தொழிலின் வழக்கம். மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். முன்பதிவுத் தளம் வழியாகப் போயிருந்தால் கவுன்டரில் நிற்கும்போதே அவர்களுக்கும் போன் போடுங்கள்.

இனிமேல் இப்படி புக் செய்யும்போது ஓட்டலுக்கு நேரடியாக ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள்: “எங்கள் முன்பதிவு 12-ஆம் தேதி முதல். ஆனால் வந்து சேர்வது 13-ஆம் தேதி அதிகாலை 5 மணிக்கு. நோ-ஷோ போடாமல் அறையை வைத்திருக்கவும்.” பதில் வரும்வரை விடாதீர்கள். 12-ஆம் தேதி மாலை ஒருமுறை போன் செய்து, அந்தக் குறிப்பு புக்கிங்கில் ஏறியிருக்கிறதா என்று படித்துக் காட்டச் சொல்லுங்கள். இரவு ஷிப்டில் இருப்பவர் திரையில் தெரிவதைத்தான் பார்ப்பார், பகலில் உங்களிடம் பேசியவர் அப்போது இருக்க மாட்டார்.

கேள்வி: ஆப்பில் ‘சிறப்புக் கோரிக்கை’ பெட்டியில் சீக்கிரம் செக்-இன் வேண்டும் என்று எழுதியிருந்தேன். கொடுக்கவில்லை. பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

பதில்: முடியாது. அது கோரிக்கை, ஒப்பந்தம் இல்லை. அந்தப் பெட்டிக்குக் கீழேயே அப்படித்தான் எழுதியிருக்கும், படியுங்கள்.

கேள்வி: எங்களுடையது 20 அறைகள் உள்ள சிறிய ஓட்டல். செக்-அவுட் 11, செக்-இன் 2. தினமும் கவுன்டரில் இதே சண்டை. ஒருவருக்கு இலவசமாகக் கொடுத்தால் அடுத்தவர் “எனக்கு மட்டும் ஏன் காசு?” என்கிறார். எப்படிக் கட்டணம் வைப்பது, எப்படிச் சொல்வது?

பதில்: இந்தக் கேள்வியை எல்லா ஓட்டல்காரர்களும் கேட்க வேண்டும். விருந்தினர்கள் கோபப்படுவது கட்டணத்துக்காக அல்ல. கவுன்டரில் நிற்பவரின் முகத்தைப் பார்த்துக் கட்டணம் மாறுகிறது என்பதற்காகத்தான்.

முதலில் உங்கள் கணக்கைப் பாருங்கள். ஒருவர் காலி செய்த அறையைப் புதியவருக்குத் தயார் செய்ய ஏறக்குறைய 40 நிமிடம் பிடிக்கும். படுக்கை விரிப்பு முழுக்க மாற்ற வேண்டும், குளியலறை தேய்க்க வேண்டும், மேற்பார்வையாளர் ஒருமுறை பார்க்க வேண்டும். தொடர்ந்து தங்குபவரின் அறைக்கு 20 நிமிடம் போதும். இன்று 12 அறைகள் காலியாகின்றன, 8 பேர் தொடர்கிறார்கள், துப்புரவுக்கு இருவர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 9 முதல் 11 மணிவரை இருவருக்கும் சேர்த்து 240 நிமிடம். அதில் தொடர்பவர்களின் 8 அறைகளுக்கு 160 போக மீதி 80-இல், சீக்கிரமே கிளம்பியவர்களின் 2 அறைகளை முடிக்கலாம். 11 முதல் 2 மணிவரை 360 நிமிடம், அதாவது 9 அறைகள். ஆக 2 மணிக்கு 11 அறைதான் தயார். இடையில் ஒருவர் சாப்பிட உட்கார்ந்தால் அதுவும் இல்லை. அந்த மூன்று மணி நேர இடைவெளி எதற்கு என்று விருந்தினர் கேட்டால் சொல்ல வேண்டிய பதில் இதுதான்.

இன்றிரவு வருபவர்கள் எத்தனை பேர் என்று அடுத்துப் பாருங்கள். 12 பேரும் வருகிறார்கள் என்றால் ஒருவருக்குக்கூடத் தாமத செக்-அவுட் கொடுக்க முடியாது. 9 பேர்தான் என்றால் 3 அறைகள் இன்றிரவு சும்மா கிடக்கப் போகின்றன. அந்த மூன்றை, வருபவர்கள் கேட்ட வகை அறையா என்று பார்த்துவிட்டு, தாராளமாக 2 மணிவரை விடலாம். உங்களுக்கு நஷ்டமில்லை, 2 மணிக்குள் முடிக்க வேண்டிய வேலையும் குறைகிறது. சுருக்கமாக, சீக்கிர செக்-இன் நேற்றிரவு எத்தனை அறை காலி என்பதைப் பொறுத்தது, தாமத செக்-அவுட் இன்றிரவு எத்தனை பேர் வருகிறார்கள் என்பதைப் பொறுத்தது. இதைப் புரிந்துகொண்டால் மீதி எளிது.

இருந்தால் கொடுப்பதற்குக் காசு வாங்காதீர்கள். கட்டாயம் கொடுப்போம் என்ற உறுதிக்கு வாங்குங்கள். காலை 11 மணிக்கு வந்தவருக்கு அறை தயாராக இருந்தால் சாவியைக் கொடுத்துவிடுங்கள். “11 மணிக்கு எனக்குக் கட்டாயம் வேண்டும்” என்று முன்பே கேட்பவருக்காக நீங்கள் ஓர் அறையை முதலில் சுத்தம் செய்து ஒதுக்குகிறீர்கள்; அதற்கு வாடகையில் கால் பங்கு வாங்கலாம். காலை 6 மணிக்கு முன் உறுதி வேண்டுமென்றால் முந்தைய இரவு முழு வாடகை. 6 முதல் 10 வரை பாதி. கிளம்பும்போது 2 மணிவரை இடமிருந்தால் இலவசம், மாலை 6 வரை பாதி, அதற்கு மேல் ஓர் இரவு வாடகை. மாலை 6-க்கு மேல் ஏன் முழுசு? அப்போது துப்புரவு ஆட்கள் பெரும்பாலும் போயிருப்பார்கள், அந்த அறையை அன்றிரவு விற்பது கடினம். பங்கு போடும்போது அவர் உண்மையில் கட்டிய வாடகையிலிருந்து போடுங்கள், சுவரில் தொங்கும் உச்சபட்ச வாடகையிலிருந்து போடாதீர்கள். காலை உணவின் விலையையும் கழித்துவிடுங்கள். எத்தனை மணி நேரமானாலும் ஓர் இரவு வாடகையைத் தாண்டக் கூடாது. உறுதிக்குக் காசு வாங்கிய பின் அறை தயாராகவில்லை என்றால், அவர் கேட்கும் முன்பே அந்தக் காசைத் திருப்பிவிடுங்கள்.

இந்தக் கட்டணங்களை முன்பதிவு உறுதிச் செய்தியிலும் கவுன்டரிலும் ஒரே மாதிரி எழுதி வையுங்கள். பில் போடும்போது முதன்முதலாகத் தெரியவரும் கட்டணம் எவ்வளவு சிறியதானாலும் அநியாயம். இதில் எனக்குச் சமரசமே கிடையாது. சொல்லும் விதமும் முக்கியம். “பாலிசி சார்” என்று சொன்னால் சண்டைதான் வரும். இப்படிச் சொல்லச் சொல்லுங்கள்: “சார், நேற்று ராத்திரி எல்லா அறையும் நிரம்பியிருந்தது. உங்கள் அறையில் இருப்பவர் 11 மணிக்குக் காலி செய்வார், 12 மணிக்குள் முதலில் உங்கள் அறையை முடித்துத் தருகிறோம். அதுவரை பெட்டியை வைத்துக்கொள்கிறோம், முகம் கழுவ இங்கே இடம் இருக்கிறது.” நேற்று இலவசமாகக் கிடைத்ததே என்பவரிடம்: “நேற்று மூன்று அறை காலியாக இருந்தது மேடம், இன்றிரவு ஒன்றும் இல்லை.” உண்மைக் காரணம் கேட்டால் பெரும்பாலோர் அடங்கிவிடுவார்கள். ஆனால் அது உண்மையாக இருக்க வேண்டும். நிரம்பிவிட்டது என்று சொல்லிவிட்டு அதே நேரத்தில் ஆப்பில் மூன்று அறைகள் விற்பனைக்குக் காட்டினால், எதிரில் நிற்பவர் போனை எடுத்துப் பார்த்துவிடுவார்.

கேள்வி: 3 மணிவரை இருக்கலாம் என்று போனில் சொன்னார்கள். 12 மணிக்குக் கீழே போய்த் திரும்பினால் கதவு திறக்கவில்லை. அப்புறம் பில்லில் பாதி வாடகை.

பதில்: கார்டு சாவியில் செக்-அவுட் நேரமும் பதிந்திருக்கும். நேரம் முடிந்ததும் கதவு திறக்காது. உங்கள் கார்டு வேலை செய்யவில்லை என்றால், அதில் பழைய நேரமே இருக்கிறது என்று அர்த்தம். ஓட்டல் வாக்குக் கொடுத்திருக்கிறது, நீங்கள் கட்டத் தேவையில்லை. பேசிய நேரத்தைச் சொல்லி, அப்போது உங்கள் அறை போனிலிருந்து அழைப்பு வந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இனிமேல் போனில் சரி என்றதும் கீழே போய்க் கார்டைப் புது நேரத்துக்கு மாற்றி வாங்குங்கள். கட்டணம் உண்டா, எவ்வளவு என்பதையும் அங்கேயே ஒரு செய்தியாக அனுப்பச் சொல்லுங்கள்.

கேள்வி: யாரிடமும் கேட்காமல் 4 மணிவரை தூங்கிவிட்டோம். பாதி வாடகை கேட்கிறார்கள். எந்தப் பிரிவில் புகார் செய்யலாம்?

பதில்: கட்டிவிட்டு வாருங்கள். அந்த அறைக்கு 2 மணிக்கு வந்தவர் இரண்டு மணி நேரம் பெட்டியோடு உட்கார்ந்திருக்கிறார், அவர்தான் எனக்குக் கடிதம் எழுத வேண்டியவர்.

கேள்வி: 11 மணிக்கே கீழே வந்துவிட்டோம். பில் போடும் வரிசையில் நின்று 11:40 ஆகிவிட்டது. தாமதக் கட்டணம் சேர்த்துவிட்டார்கள்.

பதில்: அறையைக் காலி செய்த நேரம்தான் கணக்கு, பில் போட்ட நேரம் இல்லை. வரிசையில் நிற்கும்போதே சாவியைக் கவுன்டரில் கொடுத்து, “அறை காலி, நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிடுங்கள்.